விளையாட்டு மைதானத்தில் ஒரு நடைபாதை: ஸ்கேலரும் வெக்டரும் கற்பிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், ஏற்காட்டுச் சாலை மேலேறத் தொடங்கும் இடத்திற்குச் சற்று முன்னால் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். இயக்கவியல் பாடத்தின் முதல் இரண்டு பாடவேளைகளை ஒவ்வோர் ஆண்டும் மைதானத்திலேயே வைத்துக்கொள்கிறேன். இதைத் தங்கள் பள்ளியிலும் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கரும்பலகையில் அம்புக்குறி போட்டுச் சொன்னால் போதாதா? மைதானத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

கரும்பலகையில் 20 என்று ஓர் அம்பும் 15 என்று ஓர் அம்பும் வரைந்து, இரண்டையும் கூட்டினால் 25 என்று எழுதும்போது, மாணவர்கள் அதை ஒரு விதியாக ஏற்றுக்கொள்கிறார்களே தவிர நம்புவதில்லை. சிறு வயது முதல் 20-உம் 15-உம் 35 என்றே படித்தவர்களிடம் இங்கே மட்டும் 25 என்று சொன்னால், அது தேர்வுக்கான ஒரு தனிக் கணக்கு என்று மனத்தில் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். மைதானத்தில் அதே மாணவர் 35 மீட்டரைத் தம் காலால் நடக்கிறார். பிறகு புறப்பட்ட இடத்திற்கும் நின்ற இடத்திற்கும் இடையே நாடாவைத் தாமே இழுத்துப் பிடித்து 25 என்று படிக்கிறார். இரண்டு எண்களும் உண்மை என்பதும், அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதும் அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பேச்சுவழக்கில் நாம் எல்லாவற்றுக்கும் "தூரம்" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதும் குழப்பத்திற்கு ஒரு காரணம். "இங்கிருந்து அஸ்தம்பட்டி எவ்வளவு தூரம்?" என்று கேட்பவருக்குச் சாலைவழித் தொலைவுதான் வேண்டும். ஆகவே "கடந்த தொலைவு", "இடப்பெயர்ச்சி" என்ற இரண்டு சொற்களையும் வகுப்பில் அறிமுகப்படுத்துவதற்கு முன்பே, அவை தேவைப்படும் ஒரு சூழலை நான் மைதானத்தில் உண்டாக்கிவிடுகிறேன்.

என்னென்ன பொருள் வேண்டும்?

30 மீட்டர் அளவு நாடா ஒன்று, முளைக்குச்சிகள் ஐந்து, கோடு போடச் சுண்ணாம்புத்தூள், ஒரு நிறுத்துக் கடிகாரம், கரும்பலகைக்குப் பயன்படுத்தும் பெரிய பாகைமானி. கயிறு வேண்டுமென்றால் அதிகம் நீளாத கயிறாக எடுங்கள். நைலான் கயிறு இழுக்க இழுக்க நீள்வதால் அளவு தவறிவிடும்.

பாதையை எப்படி வரைவது? மூலை சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எங்கள் மைதானத்தில் தென்மேற்கு மூலையில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் அடியில் முதல் குச்சியை நட்டு அதற்கு "அ" என்று பெயரிடுகிறேன். அங்கிருந்து கிழக்கே 20 மீட்டரில் "ஆ", அதிலிருந்து வடக்கே 15 மீட்டரில் "இ", அதிலிருந்து மேற்கே 8 மீட்டரில் "ஈ", அதிலிருந்து தெற்கே 15 மீட்டரில் "உ". இப்போது "உ" என்பது "அ"-வுக்கும் "ஆ"-வுக்கும் இடையில் போட்ட முதல் கோட்டின் மீதே, "அ"-விலிருந்து சரியாக 12 மீட்டரில் வந்து விழ வேண்டும். விழாவிட்டால் எங்கோ ஒரு மூலை பிசகியிருக்கிறது என்று பொருள்.

இந்தப் பிசகை நான் முதல் ஆண்டிலேயே அனுபவித்தேன். செங்கோணத்தைக் கண்மதிப்பில் போட்டுவிட்டு, "நாடாவில் 25 வரும் பாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டேன். நாடாவில் 24 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. "அளவீட்டுப் பிழை" என்று சொல்லிக் கடந்துவிட்டேன். அன்று மாலை தனியாகச் சென்று பாகைமானி வைத்துப் பார்த்தபோது மூலையின் உட்கோணம் 85 பாகைதான் இருந்தது. அந்தக் கோணத்திற்குக் கணக்கிட்டால் இடப்பெயர்ச்சி 23.9 மீட்டர் வருகிறது. ஐந்து பாகை மாறினாலே ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. மாணவர்கள் அளந்தது சரி, நான் வரைந்ததுதான் தவறு. மறுநாள் அதை அவர்களிடம் சொல்லி, அதையே ஒரு கணக்காகக் கொடுத்தேன்.

இதற்கான தீர்வு கட்டட மேஸ்திரிகளிடம் இருக்கிறது. வீட்டுக்கு நூல் கட்டும்போது ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்துக்கொண்டு, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்து மூலைமட்டம் பிடிப்பார்கள். அதையே நாங்கள் மீட்டரில் செய்கிறோம். "ஆ"-விலிருந்து "அ"-வை நோக்கி 3 மீட்டரும், வடக்கே போட வேண்டிய கோட்டில் 4 மீட்டரும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே 5 மீட்டர் வரும் வரை வடக்குக் கோட்டைச் சற்று இப்படியும் அப்படியும் நகர்த்துகிறோம். எங்கள் பாதையும் 15, 20, 25 என்ற அதே முக்கோணத்தின் ஐந்து மடங்குதான் என்பதைச் சில மாணவர்கள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள். அவர்கள் சொல்லும் வரை நான் சொல்வதில்லை.

முழுப் பாடத்தையும் ஒரு முறை நடத்திக் காட்ட முடியுமா?

ஒரு மாணவி "அ"-வில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்றொரு மாணவர் நாடாவின் தொடக்க முனையை வேப்பமரத்தடிக் குச்சியில் அழுத்திப் பிடித்தபடி, பாடம் முடியும் வரை நகராமல் உட்கார்ந்திருப்பார். நடப்பவர் ஒவ்வொரு குச்சியையும் அடைந்ததும் நாடாவின் மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் அங்கே அளவைப் படிக்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு நிரல்களில் எழுதுவார்கள்: ஒன்று இதுவரை நடந்தது, மற்றொன்று வேப்பமரத்திலிருந்து இப்போது எங்கே என்பது.

"ஆ"-வில் இரண்டு நிரலிலும் 20. இங்கே வேறுபாடு ஒன்றும் தெரியாது. ஒரே திசையில் நேராக நடக்கும் வரை இரண்டின் எண்மதிப்பும் ஒன்றாகவே இருக்கும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். "இ"-யில் நடந்தது 35, நாடாவில் 25.

"ஈ"-யில்தான் வகுப்பு விழித்துக்கொள்கிறது. அங்கே போவதற்கு முன் "இன்னும் 8 மீட்டர் நடக்கப் போகிறார், நாடாவில் என்ன வரும்?" என்று கேட்டு, எல்லாரையும் ஓர் எண்ணை எழுதச் சொல்வேன். பெரும்பாலோர் 25-ஐ விடப் பெரிய எண்ணைத்தான் எழுதுவார்கள். நடப்பவர் மேற்கு நோக்கி நடக்கும்போது, இதுவரை விறைப்பாக இருந்த நாடா தொய்ந்து தரையில் புரளத் தொடங்கும். மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் அதைச் சுருட்டி இழுக்க வேண்டியிருக்கும். அந்தத் தொய்வை எல்லாரும் கண்ணால் பார்க்க வேண்டும். "ஈ"-யில் நடந்தது 43, நாடாவில் 19.2. கிழக்கே நிகரம் 20 கழித்தல் 8, அதாவது 12; வடக்கே 15; ஆகவே √(12² + 15²) = 19.2. கூடுதலாக நடந்தும் நாடாவின் அளவு குறைந்திருக்கிறது. கடந்த தொலைவு ஒருபோதும் குறையாது, இடப்பெயர்ச்சியின் எண்மதிப்பு குறையலாம் என்ற கருத்து, எழுதிப் போட வேண்டிய தேவையே இல்லாமல் இங்கே நிலைத்துவிடுகிறது.

"உ"-வில் 58-உம் 12-உம். மீதி 12 மீட்டரையும் மேற்கே நடந்து வேப்பமரத்துக்கே திரும்பினால் 70-உம் சுழியும். சென்ற ஆண்டு இந்த இடத்தில் ஒரு மாணவி மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், நான் எழுபது மீட்டர் நடந்திருக்கேன், இவன் இங்கேயே உட்கார்ந்திருந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே விடையா?" என்று கேட்டார். இடப்பெயர்ச்சியைப் பொறுத்தவரை ஆம், ஒரே விடைதான். களைப்பைப் பற்றியோ செருப்புத் தேய்ந்ததைப் பற்றியோ கேட்டால் விடை வேறு. எந்தக் கேள்விக்கு எந்த அளவு என்பதை இதைவிட நன்றாக என்னால் கேட்டிருக்க முடியாது.

நேரம் இருந்தால் இன்னொன்றையும் செய்யுங்கள். ஒருவர் முதலில் கிழக்கே 20, பிறகு வடக்கே 15 நடக்கட்டும். மற்றொருவர் முதலில் வடக்கே 15, பிறகு கிழக்கே 20 நடக்கட்டும். இருவரும் "இ"-யிலேயே சந்திப்பார்கள். வெக்டர்களை எந்த வரிசையிலும் கூட்டலாம் என்ற பரிமாற்றுப் பண்பு இதுதான்.

"இடப்பெயர்ச்சி என்பது இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தொலைவு" என்று எழுதினால் தவறா?

பாதி சரி, அதனால்தான் ஆபத்து. மிகக் குறுகிய தொலைவு என்பது அதன் எண்மதிப்பு மட்டுமே. "இடப்பெயர்ச்சி 25 மீட்டர்" என்று எழுதிய மாணவரிடம் முளைக்குச்சியைக் கொடுத்து, "வேப்பமரத்திலிருந்து 25 மீட்டரில் இதை நடு" என்று நான் அனுப்புவேன். அவர் இரண்டடி வைத்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திரும்பிப் பார்ப்பார். வேப்பமரத்தை மையமாக வைத்து 25 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டத்தின் எந்தப் புள்ளியும் அவர் எழுதிய விடைக்குப் பொருந்தும்.

இதோடு சேர்ந்து வரும் மற்றொரு தவறு அம்புக்குறியின் முனை. சிலர் நாடா எங்கிருந்து இழுக்கப்பட்டது என்பதைப் பார்த்து, அம்பின் தலையை வேப்பமரத்தில் போட்டுவிடுகிறார்கள். தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கியே அம்பு செல்ல வேண்டும்; இடையில் நடந்த பாதைக்கு அதில் இடமில்லை.

திசையை "வடகிழக்கு" என்று எழுதினால் போதாதா?

போதாது. வடகிழக்கு என்றால் கிழக்குக்கும் வடக்குக்கும் சரிபாதியில், 45 பாகையில் இருப்பது. "இ" இருக்கும் திசை கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி 37 பாகை. 15-ஐ 20-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.75 என்ற டேன்ஜென்ட் மதிப்பிலிருந்து அது வருகிறது. வடகிழக்கு என்று நம்பி 25 மீட்டர் நடந்தவர் "இ"-யிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பார். இதையும் நடந்தே காட்டலாம். "37 பாகை" என்று மட்டும் எழுதினாலும் முழுமையாகாது. எந்தக் கோட்டிலிருந்து எந்தப் பக்கமாக என்பதையும் சேர்த்து எழுதப் பழக்குங்கள்.

எங்கள் மைதானம் திசைகளுக்கு நேராக இல்லையே, என்ன செய்வது?

மைதானத்தின் ஓரச் சுவரையே ஒரு அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் திசைகாட்டியை இரும்புக் கோல் கம்பத்திற்கு அருகில் வைத்துப் பார்த்தால் முள் விலகிவிடும் என்பதால், நான் அதைப் பெரிதாக நம்புவதில்லை. அச்சு எதுவாக இருந்தாலும் 25 மீட்டர் மாறாது, அதன் கூறுகள் மட்டுமே மாறும். சுவரை அச்சாகக் கொண்டால் 20, 15 என்று வரும் கூறுகள், "அ"-விலிருந்து "இ"-க்குச் செல்லும் கோட்டையே அச்சாகக் கொண்டால் 25, 0 என்று ஆகிவிடும். நிற்கும் இடம் அதேதான்.

போதிய இடம் இல்லாத பள்ளியில் வாலிபால் ஆடுகளமே போதும். அது 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது; மூலைகள் ஏற்கெனவே செங்கோணமாக இருக்கும். இரண்டு பக்கமாக நடந்தால் 27 மீட்டர், மூலைவிட்டம் 20.1 மீட்டர்.

வேகத்தையும் திசைவேகத்தையும் இதே பாதையில் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் நிறுத்துக் கடிகாரத்தை இரண்டாம் நாள் மட்டும் எடுங்கள். நடப்பவர் "இ"-யை 28 வினாடியில் அடைந்தால், சராசரி வேகம் 35-ஐ 28-ஆல் வகுத்து வினாடிக்கு 1.25 மீட்டர். சராசரித் திசைவேகம் 25-ஐ 28-ஆல் வகுத்து வினாடிக்கு 0.89 மீட்டர், கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி 37 பாகைத் திசையில். அதே நடையில் 56 வினாடியில் 70 மீட்டரையும் சுற்றி வேப்பமரத்துக்கே வந்துவிட்டால், சராசரி வேகம் 1.25-ஆகவே இருக்கும், சராசரித் திசைவேகம் சுழியாகிவிடும்.

இங்கே ஒரு தவறான முடிவு மிக எளிதாக முளைத்துவிடும். "வேகமும் திசைவேகமும் எண்ணளவில் எப்போதும் வேறு" என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த வேறுபாடு சராசரியில் மட்டுமே, அதுவும் பாதை திரும்பியிருந்தால் மட்டுமே வரும். ஏதேனும் ஒரு கணத்தை எடுத்துக்கொண்டால், அந்தக் கணத்தின் வேகம்தான் அந்தக் கணத்தின் திசைவேகத்தினுடைய எண்மதிப்பு. "ஆ"-வுக்கு ஒரு மீட்டர் முன்னால் நடப்பவரின் வேகம் 1.25, திசைவேகம் 1.25 கிழக்கே, "ஆ"-வைத் திரும்பி ஒரு மீட்டர் சென்றதும் வேகம் 1.25, திசைவேகம் 1.25 வடக்கே. இடையில் வேகம் மாறவில்லை, திசைவேகம் மாறிவிட்டது. முடுக்கம் என்ற பாடத்திற்கு இந்த மூலையே வாசல்.

ஏற்காட்டு மலைப்பாதையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்களே, அது பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும், மைதானத்தில் நடந்து முடித்த பிறகு சொன்னால். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சாலைவழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தால் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர், வடக்கிலிருந்து சற்றே கிழக்காக. உயரத்தை விட்டுவிட்டோமே என்று ஒரு மாணவராவது கேட்க வேண்டும். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 278 மீட்டரிலும் ஏற்காடு ஏறத்தாழ 1,515 மீட்டரிலும் உள்ளன. ஏற்றம் சுமார் 1.2 கிலோமீட்டர். அதையும் மூன்றாவது கூறாகச் சேர்த்தால் √(14² + 1.2²) = 14.05. காது அடைக்கும் அளவுக்கு ஏறிய ஏற்றம் இடப்பெயர்ச்சியின் எண்மதிப்பில் 50 மீட்டரைத்தான் கூட்டுகிறது என்பதை மாணவர்கள் நம்ப மறுத்து இரண்டு முறை கணக்கிட்டுப் பார்ப்பார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான கூறுகளில் ஒன்று மிகச் சிறிதாக இருந்தால் தொகுபயனில் அதன் பங்கு எவ்வளவு குறைந்துபோகிறது என்பதற்கு எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை.

அந்தச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் பயன்படும். ஒரு பேருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் நுழைந்து, அதே 20-இல் எதிர்த்திசையில் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் முன்னால் உள்ள வேகமானியின் முள் அசையவே இல்லை. ஆனால் திசைவேகத்தில் ஏற்பட்ட மாற்றம் மணிக்கு 40 கிலோமீட்டர். முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்களுக்கு அந்த 40 எங்கே போனது என்று விளக்க வேண்டியதில்லை.

விடையில் கழித்தல் குறி வந்தால் அது வெக்டர்தானே?

இல்லை. வெப்பநிலையும் சுழிக்குக் கீழே போகிறது, அது ஸ்கேலர். எங்கள் பாதையில் மேற்கே நடந்த 8 மீட்டரை −8 என்று எழுதுவது, கிழக்கை நேர்க்குறியாக நாம் எடுத்துக்கொண்டதால் மட்டுமே.

மின்னோட்டத்துக்கும் திசை உண்டு, அம்புக்குறியும் போடுகிறோம். அது ஏன் ஸ்கேலர்?

எண்மதிப்பும் திசையும் உடையது வெக்டர் என்று பாதியில் நிறுத்திவிட்டதால் வரும் சந்தேகம் இது. அவற்றோடு, முக்கோண விதிப்படி கூட்டவும் முடிய வேண்டும். மைதானத்திலேயே இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். இரண்டு வரிசைகளில் மாணவர்களை நிறுத்தி, ஒரு வரிசையைக் கிழக்கிலிருந்தும் மற்றொன்றைத் தெற்கிலிருந்தும் ஒரே குச்சியை நோக்கி நடக்கச் சொல்லி, அங்கிருந்து ஒரே வரிசையாக வெளியே அனுப்புங்கள். ஒவ்வொரு வரிசையிலும் நிமிடத்திற்கு 10 பேர் வந்தால், வெளியே நிமிடத்திற்கு 20 பேர் போகிறார்கள். இரண்டு வரிசைகளும் செங்குத்தாகச் சந்தித்தாலும், ஒட்டினாற்போல் பக்கத்தில் வந்தாலும், எதிரெதிரே வந்தாலும் வெளியே போவது 20 பேர்தான்; √(10² + 10²) = 14.1 பேர் போவதில்லை. கம்பிச் சந்திப்பில் மின்னோட்டங்கள் கூடுவதும் இப்படித்தான். கோணத்தைக் கேட்காமலேயே கூட்டலாம் என்றால் அது ஸ்கேலர்.

புரிந்துவிட்டதா என்பதை எப்படிச் சோதிப்பது?

வரையறை கேட்காதீர்கள், அதை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். நான் கேட்பது இது: முதலில் 20 மீட்டர் நேராக நட, பிறகு விரும்பிய திசையில் திரும்பி 15 மீட்டர் நேராக நட. இடப்பெயர்ச்சி 30 மீட்டர் வர எவ்வளவு திரும்ப வேண்டும்? 18 மீட்டர் வர? 4 மீட்டர் வர?

குழுக்களாகப் பிரிந்து, நாடாவும் பாகைமானியும் எடுத்துக்கொண்டு தேடட்டும். ஏறத்தாழ 63 பாகை திரும்பினால் 30 மீட்டரும், 120 பாகை திரும்பினால் 18 மீட்டரும் வரும். இதில் ஒரு சிக்கலை நீங்கள் கட்டாயம் காண்பீர்கள். R = √(A² + B² + 2AB cos θ) என்ற சூத்திரத்தில் உள்ள θ, நடந்த பாதையின் மூலையில் தெரியும் உட்கோணம் அன்று; நேராகவே போயிருந்தால் போயிருக்கும் திசையிலிருந்து உடம்பு திரும்பிய கோணம் அது. தாளில் முக்கோணம் வரையும் மாணவர்கள் உட்கோணத்தைப் போட்டுவிட்டு, 60 பாகைக்கு 30.4 வர வேண்டிய இடத்தில் 18 என்று எழுதுகிறார்கள். மைதானத்தில் "ஆ"-வில் நிற்பவரைக் கைகளை முன்னே நீட்டச் சொல்லி, அப்படியே எவ்வளவு திரும்புகிறார் என்று பார்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டு அம்புகளின் வாலையும் ஒரே புள்ளியில் வைத்து அளக்க வேண்டும் என்று நூலில் உள்ள வரிக்கும் இதே பொருள்தான்.

4 மீட்டரைத் தேடும் குழுவை அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் 150, 170 என்று திரும்பித் திரும்பிப் பார்த்து, கடைசியில் முழுவதுமாகப் பின்னால் திரும்பி நடந்துவிட்டு, 5 மீட்டருக்குக் கீழே நாடா இறங்க மறுக்கிறது என்று வந்து சொல்வார்கள். அவர்களில் ஒருவர் "அப்போ 35-க்கு மேலேயும் போகாது, இல்லையா சார்?" என்று தானாகக் கேட்டால், அந்தக் குழுவை நான் வகுப்புக்கு அனுப்பிவிடுவேன்.